கூட்டத்தை இணையவழிக்கு மாற்றும்போது: ஃபெஞ்சல் புயலில் நாம் செய்த தவறும் திருத்தமும்



புயல், மழை, காய்ச்சல் இவற்றில் ஏதோ ஒன்றால் நேரடிக் கூட்டத்தை நிறுத்திவிட்டு, ‘இன்று ஜூமில் சந்திப்போம்’ என்று அறிவிப்பது இப்போது எல்லா ஜமாஅத்துகளிலும் சாதாரணமாகிவிட்டது. ஐந்து நிமிடத்தில் ஒரு லிங்க்கை உருவாக்கி வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நாமும் நினைத்திருந்தோம். 2024 நவம்பர் 30ஆம் தேதி அந்த நினைப்பு எவ்வளவு தவறு என்று தெரிந்தது. அன்று நடந்ததை நம் நிர்வாகக் குழுவில் இரண்டு முறை பேசி எழுதி வைத்தோம். விக்கிரவாண்டி, திண்டிவனம், விழுப்புரம் வட்டார ஜமாஅத்துகளுக்கும் பயன்படும் என்பதால் அதை இங்கே பகிர்கிறோம்.

முதலில் நடந்தது.

கல்வி உதவித்தொகை கேட்டு மனு செய்திருந்த 31 குடும்பங்களை நவம்பர் 30, சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு மதரஸா கூடத்துக்கு வரச் சொல்லியிருந்தோம். அந்த வாரம் முழுவதும் வங்கக் கடலில் ஒரு ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இருந்தது. அது புயலாகும் என்று முதலில் சொன்னார்கள். பிறகு, புயலாகாமல் தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கலாம் என்றார்கள். நாமும் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று இருந்துவிட்டோம். 29ஆம் தேதி வெள்ளிக்கிழமை. ஜுமுஆ முடிந்ததும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில், நாளைய கூட்டம் திட்டமிட்டபடி நடக்கும் என்று அறிவிப்புச் செய்தோம். அதே நாள் பிற்பகல் இரண்டரை மணி அளவில் அந்தத் தாழ்வு மண்டலம் ஃபெஞ்சல் என்ற பெயருடன் புயலாக வலுப்பெற்றது. விழுப்புரம் மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை. மறுநாள் பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லலாம் என்று அரசு அறிவுறுத்தியது.

வெள்ளி இரவு 9 மணிக்கு மேல் நம் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அழகான வண்ண அட்டை போனது. அதில் இருந்ததைச் சுருக்காமல் அப்படியே தருகிறோம்:

‘அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால். அன்பார்ந்த சகோதர சகோதரிகளே! நமது அறக்கட்டளையின் சார்பில் ஆண்டுதோறும் வழங்கப்பட்டு வரும் கல்வி உதவித்தொகைக்கான நேர்காணல் கூட்டம் நாளை நடைபெறவிருந்தது அனைவரும் அறிந்ததே. தற்போது நிலவி வரும் வானிலை காரணமாக இக்கூட்டம் நாளை இரவு 7 மணிக்கு ஜூம் வழியாக நடைபெறும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். லிங்க் பின்னர் அனுப்பப்படும். சிரமத்துக்கு வருந்துகிறோம்.’

மறுநாள் பிற்பகல் மழையில், பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் தம் மகளின் மதிப்பெண் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியிருக்கிறார். கூடம் பூட்டியிருந்தது. எதிரே மூடிக் கிடந்த டீக்கடைத் தாழ்வாரத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார். அவரைப் போல இன்னும் மூன்று குடும்பத்தினர் வந்து திரும்பியிருக்கிறார்கள். அந்தத் தாயிடம் இருப்பது பட்டன் போன். கூட்டம் உண்டு என்ற தகவலை ஜுமுஆவுக்குப் போய்வந்த அவருடைய கொழுந்தனார் சொல்லியிருந்தார். கூட்டம் இல்லை என்ற தகவலைச் சொல்ல அவருக்கு யாருமில்லை. மகளின் தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள் அடுத்த வாரம் என்பதால், புயல் என்று தெரிந்தும் அவர் வந்தார்.

இரவு 7 மணிக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. லிங்க்கை நாங்கள் அனுப்பியபோது மாலை ஐந்தரை. விக்கிரவாண்டியில் மின்சாரம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. 31 குடும்பங்களில் ஆறு குடும்பங்கள் உள்ளே வந்தன. அவற்றிலும் பாதி, வெளிநாட்டில் இருக்கும் மகனோ அண்ணனோ குடும்பத்துக்காகச் சேர்ந்தது. லிங்க்கை உருவாக்கிய சகோதரரின் போனில் சார்ஜ் தீர்ந்து 7.20க்கு அணைந்தது. அத்துடன் கூட்டமும் நின்றது. புயல் அன்று இரவு பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் இடையில் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதாவது, புயல் கரையை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தைத்தான் நாம் இணையக் கூட்டத்துக்குத் தேர்ந்தெடுத்திருந்தோம்.

கடந்த பிறகும் அது நகரவில்லை. பல மணி நேரம் அங்கேயே நின்றது. டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர் மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் டிசம்பர் 2ஆம் தேதி ரயில்கள் நிறுத்தப்பட்டதும், அரசூர் அருகே நெடுஞ்சாலையில் தண்ணீர் ஓடியதும் நம் வாசகர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதில் நாம் எங்கே தவறினோம் என்று யோசித்தபோது நம் ஹஜ்ரத் அவர்கள் ஒரு ஹதீஸை நினைவுபடுத்தினார்கள். ஸஹீஹுல் புகாரியிலும் முஸ்லிமிலும் வருவது. மழை பெய்து சேறாகிக் கிடந்த ஒரு வெள்ளிக்கிழமையன்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தம் முஅத்தினிடம் ஒரு மாற்றம் சொன்னார்கள். பாங்கில் நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்வின் தூதர் என்ற சாட்சியம் முடிந்ததும், தொழுகைக்கு வாருங்கள் என்று அழைக்காமல், உங்கள் வீடுகளிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று அறிவிக்கும்படி சொன்னார்கள். கேட்டவர்களுக்கு இது புதிதாக இருந்தது. அவர்கள் ஆட்சேபிப்பது போலத் தெரிந்ததும் இப்னு அப்பாஸ் (ரலி), தம்மைவிடச் சிறந்தவரான நபி (ஸல்) அவர்களே இப்படிச் செய்திருக்கிறார்கள் என்றும், ஜுமுஆ கட்டாயக் கடமை என்றாலும் மக்களைச் சேற்றிலும் வழுக்கலிலும் நடக்க வைக்கத் தாம் விரும்பவில்லை என்றும் விளக்கினார்கள். குளிரும் மழையுமான இரவுகளில் நபி (ஸல்) அவர்கள் இருப்பிடத்திலேயே தொழுமாறு அறிவிக்கச் செய்ததை இப்னு உமர் (ரலி) அவர்களும் அறிவிக்கிறார்கள்.

இந்த ஹதீஸைச் சலுகைக்கான ஆதாரமாகவே நாம் பெரும்பாலும் கேட்டிருக்கிறோம். ஓர் அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும் என்ற கோணத்திலும் அதைப் பார்க்கலாம். வராதீர்கள் என்ற செய்தி, வாருங்கள் என்ற செய்தி போகும் அதே வழியில், அதே குரலில் போனது. அழைப்பைக் கேட்கக்கூடிய ஒவ்வொருவரும் மாற்றத்தையும் கேட்டார்கள். பழைய வாசகம் சொல்லப்படவே இல்லை. அந்த இடத்தில் புதிய வாசகம் வந்தது. எங்கே, என்ன செய்வது என்பதும் அதிலேயே இருந்தது. மக்கள் கேட்டபோது காரணமும் சொல்லப்பட்டது, அந்தக் காரணம் மக்களின் சிரமத்தைப் பற்றியது. நாம் செய்ததோ நேர்மாறு. ஒலிபெருக்கியில் அழைத்தோம், வாட்ஸ்அப்பில் நிறுத்தினோம். ஒலிபெருக்கியில் கேட்டவர்களும் வாட்ஸ்அப்பில் பார்த்தவர்களும் ஒரே ஆட்கள் அல்ல.

ஆகவே நாம் வைத்துக்கொண்ட முதல் விதி இதுதான்: எந்தெந்த வழியில் அழைத்தோமோ அந்தந்த வழியில் நிறுத்த வேண்டும். இதற்காகவே இப்போது மனுப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். அதில் ‘வா’ என்றால் வாட்ஸ்அப், ‘போ’ என்றால் போன் அழைப்பு மட்டும், ‘ஆ’ என்றால் ஆள் மூலம். 31 குடும்பங்களில் ஒன்பது ‘போ’, நான்கு ‘ஆ’. ஒன்பது பேருக்கு அழைக்க ஒருவருக்கு அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தை வெள்ளி இரவு நாம் அட்டையின் வண்ணத்தைத் தேர்ந்தெடுப்பதில் செலவிட்டோம். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

பள்ளிவாசல் ஒலிபெருக்கி நம்மிடம் இருக்கும் மிக நல்ல வழி. அதற்கு இணையம் வேண்டாம், இன்வெர்ட்டர் இருந்தால் போதும். ஆனால் அது மஹல்லாவுக்குள்தான் கேட்கும். சுற்றுக் கிராமங்களுக்கு எட்டாது. காற்றும் மழையும் பலமாக இருந்தால் மஹல்லாவுக்குள்ளேயே பாதி வார்த்தைதான் கேட்கும். ஒலிபெருக்கியில் லிங்க்கைச் சொல்ல முடியாது என்பதால் ‘கூடத்துக்கு வர வேண்டாம், இன்ன சகோதரருக்கு போன் செய்யுங்கள்’ என்பதை மட்டும் இரண்டு முறை நிதானமாகச் சொன்னால் போதும்.

அடுத்து, எப்போது முடிவெடுப்பது. வானிலை அறிவிப்பு மாறிக்கொண்டே இருந்தது என்பது உண்மை. அதற்கு நாம் என்ன செய்திருக்க முடியும்? முடிவெடுக்கும் நேரத்தை முன்கூட்டியே குறித்து, அதை அறிவிப்பிலேயே சொல்லியிருக்க முடியும். வெள்ளிக்கிழமை ஜுமுஆவில் ‘கூட்டம் உண்டு’ என்று அறிவித்ததற்குப் பதிலாக, ‘புயல் நிலையைப் பார்த்து இன்று அஸருக்குப் பின் முடிவு சொல்வோம், மஃரிப் பாங்குக்கு முன் மீண்டும் ஒலிபெருக்கியில் அறிவிப்போம், அதைக் கேட்காமல் யாரும் கிளம்ப வேண்டாம்’ என்று சொல்லியிருந்தால், அந்தத் தாயின் கொழுந்தனார் அந்த வாசகத்தைத்தான் வீட்டில் சொல்லியிருப்பார். ‘நிலைமையைப் பொறுத்து அறிவிக்கப்படும்’ என்று மட்டும் சொல்வது இதற்கு ஈடாகாது. அது கேட்பவரை நாள் முழுக்க போனைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்கிறது. இன்ஷா அல்லாஹ் என்று சொல்வது நம் கடமை. அதோடு மணியைச் சொல்வதும் கடமைதான்.

இணையவழி என்பது எதற்கு மாற்று என்பதையும் அன்றுதான் சரியாகப் புரிந்துகொண்டோம். ஒருவருக்குக் காய்ச்சல், பேச்சாளரால் பயணம் செய்ய முடியவில்லை, கூடத்துக்குப் போகும் தெருவில் தண்ணீர் என்றால் இணையக் கூட்டம் நல்ல மாற்று. வீடுகளில் மின்சாரமும் சிக்னலும் இருக்கின்றன, ஆட்கள் கூட முடியாது என்பதுதான் பிரச்சினை. புயல் கரையைக் கடக்கும் நாளில் நிலைமை வேறு. காற்று வலுக்கும்போது பாதுகாப்புக்காக மின்வாரியமே மின்சாரத்தை நிறுத்திவிடும். செல்போன் கோபுரங்கள் பேட்டரியில் சில மணி நேரம் ஓடும், பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் வர வேண்டும். சாலையில் மரம் விழுந்திருந்தால் அதுவும் வராது. அந்த நாளில் நேரடிக் கூட்டத்தை எந்தக் காரணம் நிறுத்துகிறதோ அதே காரணம் இணையக் கூட்டத்தையும் நிறுத்தும். எனவே சிவப்பு எச்சரிக்கை உள்ள நாளில் கூட்டத்தை இணையத்துக்கு மாற்றுவதில்லை, வேறு தேதிக்குத் தள்ளுவது என்று முடிவு செய்திருக்கிறோம். அவசரம் என்றால் புயலுக்கு முந்தைய நாளே இணையத்தில் நடத்திவிடலாம். வெள்ளி இரவு 8 மணிக்கு நடத்தியிருந்தால் மின்சாரம் இருந்தது, எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். இப்போது யோசிக்கும்போதுதான் அது தோன்றுகிறது.

இனி அந்த அட்டையைப் பார்ப்போம். மேலே உள்ள வாசகத்தை மீண்டும் ஒருமுறை படியுங்கள். கூடத்துக்கு வர வேண்டாம் என்ற சொல் அதில் எங்குமே இல்லை. ஜூமில் நடக்கும் என்பது மட்டும் நான்காவது வாக்கியத்தில் வருகிறது. கூடத்திலும் நடக்கும், ஜூமிலும் பார்க்கலாம் என்று ஒரு சகோதரர் புரிந்துகொண்டதாகப் பின்னர் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. ‘நாளை’ என்ற சொல் இன்னொரு சிக்கல். இரவு 9 மணிக்கு எழுதிய ‘நாளை’யை ஒருவர் மறுநாள் காலை இன்னொருவருக்கு அனுப்பினால், அவருக்கு அது ஞாயிற்றுக்கிழமை. தேதியும் கிழமையும் இரண்டும் இருந்தால் இந்தக் குழப்பம் வராது.

‘லிங்க் பின்னர்’ என்பதுதான் பெரிய தவறு. மாற்றம் ஒரு செய்தியிலும் லிங்க் இன்னொரு செய்தியிலும் போனால், முதலாவதைப் பார்த்தவர் இரண்டாவதைப் பார்ப்பார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. இடையில் குழுவில் வெள்ளப் படங்களும் வீடியோக்களும் நூற்றுக்கணக்கில் வந்து விழும். லிங்க்கை முதலில் உருவாக்கி, வேறொருவர் போனில் அது திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன்பிறகே அறிவிப்பை எழுத வேண்டும்.

அட்டையாக அனுப்புவதிலும் ஒரு குறை உண்டு. படத்துக்குள் இருக்கும் லிங்க்கைத் தொட்டால் திறக்காது, அதைப் பார்த்துத் தட்டச்சு செய்ய யாராலும் முடியாது. அட்டை வேண்டுமென்றால் போடலாம், லிங்க் எழுத்தாகவும் இருக்க வேண்டும். அதிலும் தமிழில் எழுதும்போது ஒரு சின்னக் கவனம் தேவை. லிங்க்கை வாக்கியத்தின் நடுவே வைத்து அதோடு ‘இல்’ என்றோ ‘மூலம்’ என்றோ ஒட்டி எழுதினால், சில போன்களில் அந்தத் தமிழ் எழுத்தும் லிங்க்கின் பகுதியாகி அது திறக்காமல் போகும். கடைசியில் ஒட்டிக்கொள்ளும் முற்றுப்புள்ளியும் அப்படியே. லிங்க்குக்குத் தனி வரி, முன்னும் பின்னும் எதுவும் வேண்டாம்.

இந்தப் பாடத்தைச் சோதித்துப் பார்க்க ஒரே வாரத்தில் வாய்ப்பு வந்தது. தள்ளிவைத்த கூட்டத்தை டிசம்பர் 8, ஞாயிறு காலை மதரஸா கூடத்தில் நடத்துவதாக இருந்தோம். ஆனால் கூடம் முழுக்க நிவாரண அரிசி மூட்டைகளும் போர்வைகளும் அடுக்கப்பட்டிருந்தன. வெள்ளத்தில் அலைந்த நிர்வாகிகளில் இருவர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். மின்சாரமும் சிக்னலும் பெரும்பாலான இடங்களில் திரும்பியிருந்தன. இப்போது இணையவழி பொருத்தமானது. டிசம்பர் 6 வெள்ளிக்கிழமை ஜுமுஆவிலேயே ஒலிபெருக்கியில் சொன்னோம். அன்று பிற்பகல் வாட்ஸ்அப்பில் போனது இது:

‘டிசம்பர் 8 ஞாயிறு உதவித்தொகைக் கூட்டம் மதரஸா கூடத்தில் நடக்காது. யாரும் நேரில் வர வேண்டாம்.

அதே நாள் காலை 10.30 மணிக்கு கூகுள் மீட்டில் நடக்கும், இன்ஷா அல்லாஹ். துபாய் நேரம் காலை 9.00, சவுதி நேரம் காலை 8.00.

புதிய லிங்க்:

https://meet.google.com/abc-defg-hij

நவம்பர் 30க்கு அனுப்பிய பழைய ஜூம் லிங்க்கை அழித்துவிடுங்கள், அது வேலை செய்யாது.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்களை சனிக்கிழமை மாலை 4 முதல் 6 மணிக்குள் நாங்களே போனில் அழைப்போம். நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

கூட்டத்தின் நடுவில் இணைப்பு அறுந்தால் அதே லிங்க்கை மீண்டும் தொடுங்கள். 10.45 வரை யாரும் உள்ளே வர முடியாவிட்டால், திங்கள் இரவு 8.30க்கு அதே லிங்க்கில் நடத்துவோம்.

சேர முடியாததால் யாருடைய மனுவும் தள்ளுபடி ஆகாது.

கூடத்தில் நிவாரணப் பொருட்கள் இருப்பதாலும் நிர்வாகிகள் சிலருக்கு உடல்நலம் சரியில்லாததாலும் இந்த மாற்றம். சென்ற சனிக்கிழமை தகவல் கிடைக்காமல் மழையில் வந்து திரும்பிய நான்கு குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம். தவறு எங்களுடையது.’

உண்மையான லிங்க்கை இங்கே அச்சிடவில்லை. அதன் வடிவத்தை மட்டும் காட்டியிருக்கிறோம்.

இதில் ‘மனு தள்ளுபடி ஆகாது’ என்ற வரியைச் சேர்க்கச் சொன்னவர் நம் பெண்கள் பிரிவுச் சகோதரி ஒருவர். உதவி கேட்டு வருபவர், வராவிட்டால் தன் பெயர் போய்விடும் என்ற பயத்தில்தான் புயலிலும் கிளம்புகிறார். ஆகவே வர வேண்டாம் என்று சொல்லும்போதே, வராததால் எதையும் இழக்க மாட்டீர்கள் என்றும் சொல்ல வேண்டும் என்றார். நாம் எழுதிய வரைவில் அது இல்லை.

மன்னிப்பைப் பற்றிக் குழுவில் கொஞ்சம் விவாதமே நடந்தது. மழை அல்லாஹ்வின் நாட்டம், அதற்கு நாம் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு மூத்தவர் கேட்டார். சரியான கேள்விதான். மழைக்காக மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் தகவல் தாமதமாகப் போனது மழையால் அல்ல, நம்மால். ‘சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்ற வழக்கமான வரி இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. அதனால் யாருக்கு என்ன சிரமம் என்பதே தெரியாமல் போகிறது. நம் தவறு எது என்று தெரிந்தால் அதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். தவறு எதுவும் இல்லாமல் வெறும் வானிலை மாற்றம் என்றால், ‘கடைசி நேர மாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்றால் போதும். மூன்று வரிக்கு மேல் மன்னிப்பு நீண்டால், படிப்பவர் லிங்க்கைத் தேட வேண்டியதாகிவிடும். பேருந்துக் கட்டணமும் அன்றைய கூலியும் இழந்து வந்தவருக்கு, வார்த்தையோடு அந்தச் செலவையும் கொடுத்துவிடுவது நல்லது. நான்கு குடும்பங்களுக்கும் ஆட்டோ கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். இரண்டு பேர் வாங்க மறுத்துவிட்டார்கள்.

உடல்நலக் காரணத்தைச் சொல்லும்போது இன்னொரு எச்சரிக்கை. யாருக்கு, என்ன நோய் என்று அறிவிப்பில் எழுதக் கூடாது. ‘நிர்வாகிகள் சிலருக்கு உடல்நலம் சரியில்லை’ என்பதோடு நிறுத்திக்கொண்டது அதனால்தான். தொற்றும் காய்ச்சல் என்றால், முந்தைய கூட்டத்தில் அருகில் இருந்தவர்களுக்கு மட்டும் தனியாக போனில் சொல்லலாம்.

பழைய லிங்க் பற்றியும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைத் திருத்த 15 நிமிடம்தான் அவகாசம் தருகிறது. அதற்குப் பிறகு ‘எல்லோருக்கும் அழி’ என்று நீக்கத்தான் முடியும், அதற்கும் இரண்டு நாள் சொச்சம்தான் கெடு. அதைத் தாண்டிவிட்டால் பழைய செய்தியையே மேற்கோளாக எடுத்து, அதன் கீழ் புதியதைப் பதிலாகப் போட வேண்டும். பிறகு புதிய செய்தியைக் குழுவின் உச்சியில் ‘பின்’ செய்துவிடலாம். வேறு குழுக்களுக்கு யாராவது பழையதை அனுப்பியிருந்தால் அதை நம்மால் அழிக்க முடியாது. அதனால்தான் பழையது வேலை செய்யாது என்று புதிய செய்திக்குள்ளேயே எழுதினோம். அதையும் மீறி டிசம்பர் 8 காலை ஒருவர் ஜூமில் தனியாகக் காத்திருந்தார் என்பது வேறு கதை.

ஜூமை விட்டுவிட்டு கூகுள் மீட்டுக்கு மாறியதற்குக் காரணம் நேரம்தான். இலவசக் கணக்கில் ஜூம் 40 நிமிடத்தில் கூட்டத்தை முடித்துவிடும், மீட் ஒரு மணி நேரம் தரும். ஆனால் ஒரு மணி நேரமும் 31 குடும்பங்களுக்குப் போதாது. அதோடு, ஒரு குடும்பத்தின் வருமானத்தையும் கடனையும் மற்ற முப்பது குடும்பங்கள் கேட்கும்படி விசாரிப்பது முறையும் அல்ல. கூடத்தில் என்றால் ஒவ்வொருவரையும் உள் அறைக்கு அழைத்துப் பேசுவோம். இணையத்தில் அந்த உள் அறை நம்மிடம் இல்லை. எனவே பொதுவான விளக்கம், தேதிகள், தேவைப்படும் ஆவணங்கள் இவற்றை மட்டும் 25 நிமிடத்தில் இணையத்தில் சொல்லி முடித்தோம். தனி விசாரணையை அன்று மாலை முதல் மூன்று நாட்களில் போனில் வைத்துக்கொண்டோம். ஆதார், பாஸ்புக் படங்களைப் பொதுக் குழுவில் போட வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொன்னோம். அப்படியும் இரண்டு பேர் போட்டுவிட்டார்கள், உடனே அழிக்கச் செய்தோம். அடுத்த முறை இதை அறிவிப்பிலேயே எழுதப் போகிறோம்.

லிங்க்கை இந்த முறை இரண்டு பேர் கவனித்தார்கள். கூட்டத்தைத் தொடங்குபவர் துபாயில் இருக்கும் நம் ஊர்ச் சகோதரர். இங்கே மின்சாரம் போனாலும் அவர் பக்கம் கூட்டம் அணையாது. வெளியே காத்திருப்பவர்களை உள்ளே அனுமதிப்பதும் அவர் பொறுப்பு. பேசுபவர்கள் இங்கிருந்து பேசினார்கள். முதல் முறை மீட் திறப்பவர்களுக்குச் செயலியை இறக்கச் சொல்லும் என்பதால், சனிக்கிழமை இரவு 8 முதல் 8.30 வரை அதே லிங்க்கைத் திறந்து வைத்து, வந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னோம். பதினொரு குடும்பங்கள் வந்து பார்த்தன. ஞாயிறு காலையில் தடுமாற்றம் குறைந்ததற்கு அதுவே காரணம்.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்களைக் கான்பரன்ஸ் அழைப்பில் சேர்த்துப் பேசினோம். சாதாரண போனில் ஒரே நேரத்தில் ஐந்து பேரளவில்தான் சேர்க்க முடியும், அதற்கு மேல் குரல் தெளிவாக இருக்காது. மூன்று மூன்று பேராகச் சேர்த்ததில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. உண்மையைச் சொன்னால், இணையக் கூட்டத்தைவிட அந்த போன் அழைப்புகளில்தான் அதிகக் கேள்விகள் வந்தன.

இரண்டு விஷயங்களை இதோடு கலக்கக் கூடாது. ஒன்று, தொழுகை. 2020இல் கொரோனா காலத்தில் குவைத்தில் பாங்கிலேயே வீடுகளில் தொழும்படி அறிவித்ததை நாம் கண்டோம். ஆனால் இமாம் ஓரிடத்திலும் நாம் வீட்டிலும் இருந்துகொண்டு திரையைப் பார்த்து ஜுமுஆ தொழுவதைப் பெரும்பாலான உலமாக்கள் ஏற்கவில்லை, வீட்டில் ளுஹர் தொழச் சொன்னார்கள். கூட்டத்தை மாற்றுவது போல ஜமாஅத்தை மாற்ற முடியாது. இதில் கேள்வி இருப்பவர்கள் தங்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ளவும். மற்றொன்று, அறங்காவலர் கூட்டத்தின் முடிவுகள். கம்பெனிகளின் இயக்குநர் கூட்டத்துக்கு வீடியோ வழியைச் சட்டமே அனுமதிக்கிறது. அறக்கட்டளைக்கு அதன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் வழி. நம் பத்திரத்தில் இதுபற்றி எதுவும் இல்லை. எனவே டிசம்பர் 8 கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள், என்ன முடிவானது என்று நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் எழுதி, அடுத்த நேரடிக் கூட்டத்தில் படித்துக் காட்டி கையொப்பம் வாங்கிக்கொண்டோம்.

டீக்கடைத் தாழ்வாரத்தில் நின்ற அந்தத் தாயை டிசம்பர் 7 மாலை முதலாவதாக அழைத்தோம். மகளின் தேர்வுக் கட்டணத்துக்கான கடைசி நாள் அதற்குள் முடிந்திருந்தது, இனி அபராதத்தோடுதான் கட்ட வேண்டும். கட்டணத்தை உதவித்தொகையிலிருந்தும் அபராதத்தை நிர்வாகிகள் கைக்காசிலிருந்தும் செவ்வாய்க்கிழமை கட்டினோம். பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே ‘போ’ என்று எழுதும்போது, தன் பக்கத்து வீட்டிலும் ஒரு விதவைச் சகோதரி பட்டன் போன்தான் வைத்திருக்கிறார், அவர் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள் என்றார். குறித்துக்கொண்டோம்.